மூன்று நிமிட வாடிக்கையாளர் பேச்சு: என் குறிப்புகளைப் பார்த்துச் சொல்லுங்கள்

ஆணிக்கடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு பழைய சோனகத் தெருவில் எங்களுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. அப்பா நடத்தியது, இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். 2023 நடுப்பகுதியிலிருந்து பில்லுக்கும் கடன் கணக்குக்கும் ஒரு மென்பொருள் பாவிக்கிறோம். அந்தக் கம்பனி புதிய பதிப்பை அறிமுகம் செய்ய ஹோட்டல் ஒன்றில் கூட்டம் வைக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற கடைக்காரர்கள். வாடிக்கையாளர் சார்பில் மூன்று நிமிடம் கதைக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு அந்த மென்பொருளில் உண்மையான திருப்தி இருக்கிறது. அதனால்தான் சம்மதித்தேன். ஆனால் கம்பனி அனுப்பிய மாதிரிப் பேச்சில் "எங்கள் வியாபாரத்தையே புரட்டிப்போட்ட தீர்வு" என்று ஒரு வரி. எங்கள் தெருவில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. அதோடு வீதக் கணக்கு ஒன்றும் கட்டாயம் வேண்டுமாம்.

பில் கொப்பியின் பின்பக்கத்தில் நான் கிறுக்கியதை அப்படியே போடுகிறேன்:

- அப்பா காலத்துச் சிட்டைக் கம்பி
- கடன் கொப்பி, மாதக் கடைசிச் சண்டை, அந்த 86,000 பாஸ்
- 2022 கரண்ட் வெட்டு. கொம்பியூட்டரை நம்ப மனம் வரவில்லை
- பில் போட்ட உடனே பாஸின் ஃபோனுக்கு மெசேஜ்
- 60 நாள் தாண்டிய கடன்: 11 பேர், இப்போ 4 பேர்
- விற்பனை கூடியிருக்கிறது (எத்தனை வீதம் என்று கேட்கிறார்கள்)
- வற் 18 ஆனபோது விலை மாற்றுவது சுகமாக இருந்தது
- வயர் ரோல் மீட்டர் கணக்கு சரிவராது
- சப்போர்ட் பொடியன் சனிக்கிழமையும் ஃபோன் எடுப்பான்
- நன்றி சொல்ல வேண்டியவர்கள்

இதை எப்படிப் பேச்சாக்குவது? எதை விடுவது?

விளம்பரத் தம்பி எழுதியது:

அக்கா, நன்றி சொல்லித் தொடங்காதீங்க. தலைவருக்கு, முகாமையாளருக்கு, வந்திருப்போருக்கு என்று போனாலே முதல் நிமிடம் முடிஞ்சிடும். ஒரு கேள்வியோடு தொடங்குங்க: "உங்களில் எத்தனை பேர் கடன் கொப்பி வைத்திருக்கிறீர்கள்?" கை உயரும், சபை உங்கள் பக்கம் வந்துவிடும்.

அப்புறம் இலக்கம் கட்டாயம் வேணும். 11 பேர் 4 ஆனது என்றால் கிட்டத்தட்ட 64 வீதக் குறைவு. "கடன் நிலுவை 64 வீதம் குறைந்தது" என்று சொன்னால் அடுத்த நாள் முகநூல் பதிவில் அதுதான் பெரிய எழுத்தில் வரும். விற்பனை உயர்வையும் ஒரு வீதமாகச் சேருங்க. வற், மெசேஜ், சப்போர்ட் எல்லாத்தையும் ஒரு ஓட்டத்தில் சொல்லி முடிச்சிடலாம். வயர் விஷயம் வேண்டாம். அழைத்தவர்கள் மேடையில் குறை சொல்வது அழகில்லை.

மருந்துக்கடை எழுதியது:

வெள்ளவத்தையில் எனக்கு ஃபார்மசி. காலாவதித் திகதி பார்த்துக் காட்டும் மென்பொருள் தேடுகிறேன். நீங்கள் பாவிப்பது மாதத்துக்கு எவ்வளவு? பார்கோட் மெஷினும் தருவார்களா?

ஆணிக்கடை எழுதியது:

அண்ணா, பெயரையும் விலையையும் இங்கே போட்டால் இழை வேறு பக்கம் போய்விடும். தனிமடலில் அனுப்புகிறேன். காலாவதித் திகதி எங்களுக்குத் தேவைப்படாததால் அதைப் பற்றி எனக்குத் தெரியாது.

மேடைப்பலகை எழுதியது:

தங்கச்சி, கொழும்பில் வியாபாரக் கூட்டங்களுக்கு நீண்ட காலமாக அறிவிப்பாளராக நிற்கிறேன். வாடிக்கையாளர் பேச்சு நிறையக் கேட்டவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் உங்கள் இடம் எது என்று பாருங்கள். உங்களுக்கு முன்னால் கம்பனிக்காரர் திரையில் எல்லா வசதிகளையும் காட்டி முடித்திருப்பார். அதையே நீங்களும் அடுக்கினால் சபை ஃபோனை எடுத்துவிடும். உங்களால் மட்டும் சொல்லக்கூடியது ஒன்றுதான்: உங்கள் கடை மேசையில் என்ன நடந்தது. உங்கள் குறிப்பில் அது இரண்டாவது வரியில் கிடக்கிறது. அந்த 86,000 பாஸ் யார், அன்று என்ன நடந்தது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. பேச்சு அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, நேரம். மேடையில் நிறுத்தி நிதானமாகத் தமிழ் கதைத்தால் நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு சொல்தான் வரும். மூன்று நிமிடத்துக்கு 250 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். பத்துக் குறிப்பும் அதற்குள் அடங்காது. ஒரு கதை, அதிலிருந்து பிறக்கும் ஒரு மாற்றம், அதைக் காட்டும் ஒரு இலக்கம், ஒரு குறை. அவ்வளவுக்குத்தான் இடம்.

வற் விஷயம் நல்லதுதான், ஆனால் 2024 ஜனவரி 1ஆம் திகதி 15 வீதம் 18 வீதமானது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாக் கடைக்கும் நடந்தது. அதை இன்னொரு கதையாக உள்ளே விட்டால் பாஸின் கதையைத் தின்றுவிடும். தேநீர் நேரத்தில் யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

விற்பனை கூடியதை விட்டுவிடுங்கள். 2022இல் கட்டட வேலைகள் படுத்துப்போயின. பிறகு மெதுவாக எழும்பியதோடு எல்லா ஹார்ட்வெயார் கடையிலும் விற்பனை ஓரளவு எழும்பியது. அதை மென்பொருளின் கணக்கில் எழுதினால் முன்வரிசையில் இருக்கும் இன்னொரு ஹார்ட்வெயார்காரர் உடனே கண்டுபிடிப்பார். அந்த ஒன்றை நம்பாமல் போனால் மீதியையும் நம்பமாட்டார். போட்டிக் கடைகள் இருக்கும் இடத்தில் உங்கள் வியாபார வளர்ச்சியைச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

அடுத்து அந்த 11, 4. தம்பி இலக்கம் வேண்டும் என்றது சரி. ஆனால் பதினொரு பேரை வீதமாக்கக் கூடாது. 64 வீதம் என்று கேட்கிறவர் நூற்றுக்கணக்கான கடன்காரர்களை நினைப்பார். "பதினொரு பேர் இருந்தார்கள், இப்போது நாலு பேர்" என்றால் தன் கடையின் கடன்காரர்களை அப்படியே மனதுக்குள் எண்ணிப் பார்ப்பார். அந்த இலக்கம் எங்கிருந்து வந்தது? எப்போது எண்ணினீர்கள்? அந்த ஏழு பேருக்கும் என்ன நடந்தது? இவற்றைச் சொல்லுங்கள், பிறகு எழுதலாம்.

ஆணிக்கடை எழுதியது:

நன்றி அண்ணா. 11 என்பது மென்பொருளில் ஏற்றுவதற்காகக் கடன் கொப்பியிலிருந்து பெயர்களை எழுதி எடுத்தபோது வந்த கணக்கு. அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. 4 என்பது அதற்கு ஒரு வருடத்துக்குப் பிறகு மென்பொருள் காட்டிய பட்டியல். இரண்டிலும் அறுபது நாள் தாண்டியவர்களைத்தான் எண்ணினோம்.

குறைந்த ஏழு பேரில் இரண்டு பேருக்கு நானே கடன் கொடுப்பதை நிறுத்தினேன். பழைய பாக்கியைத் துண்டு துண்டாகக் கட்டி முடித்துவிட்டுப் போனார்கள். மற்ற ஐந்து பேரும் இப்போதும் எடுக்கிறார்கள், நேரத்துக்குக் கட்டுகிறார்கள்.

86,000 பாஸ்: கொட்டாஞ்சேனைப் பக்கம் வீட்டுக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். மாதக் கடைசியில் கணக்குச் சொன்னோம். 60,000க்கு மேல் எடுக்கவேயில்லை என்றார். சிட்டைக் கம்பியிலிருந்து அவருடைய சிட்டைகளைக் கழற்றி மேசையில் பரப்பினோம். மூன்றில் இருந்தது அவருடைய வேலையாளின் கையெழுத்து. அந்த ஆள் ஏற்கெனவே வேலையை விட்டுப் போய்விட்டார். சாமான் உண்மையில் அவருடைய சைட்டுக்குப் போனதா, வேறெங்காவது போனதா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வித்தியாசத்தில் பாதியை விட்டுக்கொடுத்தோம். ஆனாலும் அவர் பிறகு வரவில்லை.

மேடைப்பலகை எழுதியது:

இதுதான் பேச்சு. கள்வன் என்று யாருமில்லை, தாளில் இருந்த கையெழுத்து யாருக்கும் உதவவில்லை என்பதுதான் விஷயம். அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு பாஸ் இருப்பார்.

நீங்கள் கடன் நிறுத்திய இரண்டு பேரையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால் மீதி ஐந்துக்கு எடை கூடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கொட்டாஞ்சேனை, 86,000, வீட்டு வேலை என்று மூன்றும் சேர்ந்தால் அவரைத் தெரிந்தவர்கள் அந்தச் சபையிலேயே இருக்கக்கூடும். இடத்தை எடுத்துவிடுங்கள். தொகையையும் வட்டமாக்கிவிடலாம், கதைக்கு ஒரு குறையும் வராது.

கேக் அடுப்பு எழுதியது:

நான் தெஹிவளையில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறேன். அடுப்பு விற்கும் கம்பனி ஒன்றின் விழாவில் இப்படித்தான் கதைத்தேன். "மேல் தட்டில் வைத்தால் ஒரு பக்கம் கருகும், நடுத் தட்டில் வைத்தால் அருமையாக வேகும்" என்று சொன்னேன். பிறகு அவர்கள் போட்ட வீடியோவில் "அருமையாக வேகும்" மட்டும்தான் இருந்தது. என் பக்கத்தைப் பார்த்து அந்த அடுப்பை வாங்கிய ஒரு அக்கா கருகிய கேக்கைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை. வீடியோ எடுப்பார்களா என்று முதலே கேளுங்கள்.

வெட்டும் மேசை எழுதியது:

விழா வீடியோக்களை வெட்டுவது என் தொழில், அதனால் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். நாங்கள் நிறுத்தம் இருக்கிற இடத்தில்தான் வெட்டுவோம். குறையை ஒரு வாக்கியமாகச் சொல்லி, மூச்சு விட்டு, பிறகு நல்லதைச் சொன்னால் நடுவில் கத்தரி வைக்கச் சுகம். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் வெட்டுவதில்லை. முப்பது செக்கனுக்குள் அடக்கச் சொல்வார்கள், எதையாவது எறியத்தானே வேண்டும்.

வெட்டக் கூடாது என்று நினைப்பதை நிறுத்தாமல் ஒரே வாக்கியத்தில் கட்டுங்கள். குறை முன்னால், நல்லது பின்னால், நடுவில் ஒரு "ஆனால்". குரலையும் இறக்க வேண்டாம். குரல் இறங்கினால் அதுவும் வெட்டுகிற இடம்தான். அதோடு, "வெளியிடும் துண்டை முதலில் எனக்கு அனுப்புங்கள்" என்று மின்னஞ்சலில் எழுதி வையுங்கள். வாயால் சொன்னது எங்கள் மேசை வரை வந்து சேராது.

ஆணிக்கடை எழுதியது:

எல்லாவற்றையும் வைத்து இரவு எழுதினேன். தம்பியை முன்னால் இருத்தி வாசித்துப் பார்த்தேன், மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது. இதுதான்:

"வணக்கம். பழைய சோனகத் தெருவில் எங்கள் கடை. ஆணி, பைப், வயர், பெயின்ட் விற்கிறோம். எங்களிடம் வருகிறவர்களில் கனபேர் கடனுக்கு எடுக்கும் பாஸ்மார்.

ஒரு மாதக் கடைசியில் ஒரு பாஸ் வந்தார். கணக்கு எண்பதினாயிரத்துக்கு மேல். அவர் அறுபதுக்கு மேல் எடுக்கவில்லை என்றார். கம்பியில் குத்தியிருந்த சிட்டைகளைக் கழற்றி மேசையில் பரப்பினோம். மூன்று சிட்டையில் அவருடைய வேலையாளின் கையெழுத்து. அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருந்தார். யார் சொல்வது சரி என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வித்தியாசத்தில் பாதியை விட்டுக்கொடுத்தோம். அவர் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை.

இந்த மென்பொருளைக் கொண்டுவந்து காட்டியபோது எனக்கு நம்பிக்கை இல்லை. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமலும் கடை நடத்தினோம். அன்று கைகொடுத்தது கொப்பிதான். ஃபோனிலேயே பில் போடலாம், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் போடலாம் என்று எங்கள் மேசையில் வைத்துச் செய்து காட்டிய பிறகுதான் எடுத்தோம்.

இப்போது சாமான் கடையை விட்டு வெளியே போகும்போதே பாஸின் ஃபோனுக்கு பில் போகிறது. அவருக்குத் தெரியாமல் யாராவது எடுத்தால் அன்றைக்கே கூப்பிடுகிறார். அன்றைக்கே என்றால் எடுத்தவர் முகம் எங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

தொடங்கும்போது அறுபது நாள் தாண்டிய கடன்காரர் பதினொரு பேர். ஒரு வருடம் கழித்து நாலு பேர். இரண்டு பேருக்கு நானே கடனை நிறுத்தினேன். மற்ற ஐந்து பேர் பில் கையில் இருப்பதால் இப்போது நேரத்துக்குக் கட்டுகிறார்கள்.

ரோலை வெட்டி மீட்டராக விற்கும் வயரின் கணக்கை இன்னும் நாங்கள் கையால்தான் சரிபார்க்கிறோம், ஆனால் கடன் கொப்பியை மேசையிலிருந்து எடுத்துவிட்டோம். கடனுக்கு விற்கிற கடைக்காரர்கள் கேட்டுப் பாருங்கள். காசுக்கு மட்டும் விற்கிற கடைக்கு இவ்வளவு வித்தியாசம் தெரியாது. நன்றி."

சந்தேகக்காரி எழுதியது:

நன்றாக இருக்கிறது, எனக்கு இரண்டு இடத்தில் மட்டும் உதைக்கிறது.

இன்டர்நெட் இல்லாமலும் பில் போடலாம் என்கிறீர்கள். பில் பாஸின் ஃபோனுக்கு உடனே போகிறது என்றும் சொல்கிறீர்கள். இன்டர்நெட் இல்லாத நேரம் மெசேஜ் எப்படிப் போகும்? சபையில் யாராவது இதைக் கேட்பார்கள்.

அடுத்தது "பில் கையில் இருப்பதால்" என்ற அந்த "ஆல்". 2023இல் கொந்தராத்துக்காரர்களுக்கே காசு வராமல் கிடந்தது. அரசாங்க வேலை செய்தவர்களுக்கு நிலுவை தேங்கியிருந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம் கழித்து அவர்கள் கையில் காசு புழங்கத் தொடங்கியதாலும் கட்டியிருக்கலாம்தானே? விற்பனைக்குச் சொன்ன அதே நியாயம் கடனுக்கும் பொருந்தும்.

ஆணிக்கடை எழுதியது:

முதலாவது மிகச் சரி. இன்டர்நெட் திரும்பி வந்த பிறகுதான் மெசேஜ் போகும். "இன்டர்நெட் இருந்தால் வெளியே போகும்போதே, இல்லாவிட்டால் வந்த உடனே" என்று மாற்றுகிறேன்.

இரண்டாவதைத் தம்பியோடு இருந்து யோசித்தேன். அந்த ஐந்து பேரும் வீட்டுக் கட்டட வேலை செய்கிறவர்கள், அரசாங்கக் கொந்தராத்து இல்லை. என்றாலும் 2023இல் வீட்டு வேலையும் குறைவுதான். எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

விளம்பரத் தம்பி எழுதியது:

இப்படி எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு "ஆனால்" வைத்தால் சபைக்கு என்ன மிஞ்சும்? இது நீதிமன்ற சாட்சியம் இல்லையே.

மேடைப்பலகை எழுதியது:

தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. மூன்று நிமிடத்தில் நாலு "ஆனால்" வந்தால் ஒன்றும் நிற்காது. அதனால் காரணத்தைச் சொல்வதையே விட்டுவிடுங்கள். "மற்ற ஐந்து பேர் இப்போது நேரத்துக்குக் கட்டுகிறார்கள்" என்று நிறுத்துங்கள். அது நடந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. உங்களால் நிச்சயமாகச் சொல்லக்கூடிய மாற்றம் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்: மாதக் கடைசிச் சண்டை. மென்பொருள் வந்த பிறகு யாருடைய சிட்டையையாவது மேசையில் பரப்பினீர்களா?

ஆணிக்கடை எழுதியது:

பரப்பவில்லை. சண்டை வந்தது, ஆனால் அதே நாளில் வந்தது. ஒரு முறை ஒரு பாஸ் பின்னேரம் கூப்பிட்டு "நான் முக்கால் இஞ்சி பைப் கேட்கவேயில்லை" என்றார். கடைப் பொடியன் அரை இஞ்சிக்குப் பதிலாக முக்கால் ஏற்றிவிட்டிருந்தான். லொறி அப்போதும் சைட்டில் நின்றதால் அதிலேயே திரும்ப வந்தது.

மேடைப்பலகை எழுதியது:

அதை உள்ளே போடுங்கள். இந்த ஒரு சம்பவத்துக்கு மென்பொருள்தான் காரணம், வேறு எதுவும் இல்லை. பிழை உங்கள் கடையுடையது, அவருடையது இல்லை என்பதால் அது இன்னும் நன்றாக இருக்கிறது. இடம் வேண்டும் என்றால் "எடுத்தவர் முகம் ஞாபகம் இருக்கும்" என்பதை எடுத்துவிடலாம்.

மேடைக்குத் தாளைக் கொண்டுபோகாதீர்கள். கை நடுங்குவது தாளில் தெரியும், கண்ணும் அதிலேயே நிற்கும். உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து சொல் எழுதுங்கள்: சிட்டை, கரண்ட், பைப், பதினொன்று நாலு, வயர். ஃபோனில் எழுதி வைக்க வேண்டாம், சரியான நேரத்தில் திரை அணைந்துவிடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் உள்ளதை உங்கள் வாழ்க்கையிலிருந்து சொல்கிறீர்கள், அது மறக்காது.

ஆணிக்கடை எழுதியது:

ஒரு புதுச் செய்தி. கம்பனிக்கு அனுப்பினேன். மற்றதெல்லாம் சரி, வயர் வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். புதிய பதிப்பில் அதைத் திருத்திவிட்டார்களாம்.

பிரச்சினை இதுதான்: நூறு மீட்டர் ரோல் என்று ஏற்றுகிறோம். மீட்டர் மீட்டராக வெட்டி விற்கும்போது ஒவ்வொரு வெட்டிலும் வாடிக்கையாளருக்கு ஒரு சாண் கூடப் போகும், அது எங்கள் தெருவில் வழக்கம். ரோல் முடிந்த பிறகும் மென்பொருளில் இரண்டு மூன்று மீட்டர் மிச்சம் காட்டும். அப்படியே விட்டால் இல்லாத வயரை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும். புதிய பதிப்பில் "ரோல் முடிந்தது" என்று ஒரு பொத்தான் வருகிறதாம். நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொன்று: கதைக்கச் சம்மதித்ததற்காக அடுத்த வருடக் கட்டணத்தில் பாதியைக் கழிக்கிறார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள். அதை மேடையில் சொல்ல வேண்டுமா?

சந்தேகக்காரி எழுதியது:

சொல்ல வேண்டும். நான் அங்கே உட்கார்ந்திருந்து, பிறகு வேறு ஒருவர் வாயால் அதைக் கேட்டால், பதினொன்று நாலையும் சந்தேகப்படுவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரிகள் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. உங்கள் பேச்சு அந்த அளவுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவருக்குத் தெரியவேண்டிய ஒன்றை மறைக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

விளம்பரத் தம்பி எழுதியது:

பாதிக் கட்டணம் ஒரு மரியாதைக்குத்தானே. பேசுகிறவருக்கு மாலை போடுவதில்லையா? அதைச் சொன்னால் காசுக்குக் கதைக்கிறார் என்றுதான் சபை நினைக்கும்.

மேடைப்பலகை எழுதியது:

இதில் நான் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். சொன்னவரைச் சபை கூடுதலாக நம்பியதும் உண்டு, அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டதும் உண்டு. பேச்சுக்குள் வைக்க மனமில்லை என்றால், அறிவிப்பாளர் உங்களை அழைக்கும்போதே சொல்லச் சொல்லுங்கள்: "இரண்டு வருடமாக முழுக் கட்டணம் கட்டிப் பாவிப்பவர், அடுத்த வருடம் கம்பனி சலுகை கொடுத்திருக்கிறது." எனக்கு அது நல்ல வழியாகப் படுகிறது. முடிவு உங்களுடையது.

வயர் வரியைப் பற்றி: திருத்திவிட்டார்கள் என்றால் அவர்களுக்கே நல்லது. விழாவுக்கு முன் அந்தப் பொத்தானை உங்கள் கடையில் வந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு ரோலை முடித்துப் பாருங்கள். சரியாக வேலை செய்தால் "இதுவரை கையால் சரிபார்த்தோம், புதிய பதிப்பில் எங்கள் கடையிலேயே ஒரு ரோல் முடித்துப் பார்த்தோம், ஸ்டொக் சரியாக நின்றது" என்று சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் புதிய பதிப்புக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வந்து காட்டவில்லை என்றால் பழைய வரி அப்படியே நிற்கட்டும்.

வெட்டும் மேசை எழுதியது:

அப்படிச் சொல்வதாக இருந்தால் "எங்கள் கடையிலேயே" என்பதை விடாதீர்கள். ஒரு ரோலில் பார்த்தது எல்லா வயருக்கும் என்று வீடியோவில் ஆகிவிடக் கூடாது.

கேக் அடுப்பு எழுதியது:

எந்த மொழியில் கதைக்கப் போகிறீர்கள்? நான் இங்கிலீஷில் கதைத்தேன், பாதி சொல் தொண்டையில் நின்றது.

ஆணிக்கடை எழுதியது:

அதுதான் இன்னும் முடிவாகவில்லை. கம்பனி இங்கிலீஷில் கேட்கிறது. வருகிறவர்களில் சிங்களவர்களும் கனபேர். கடையில் நான் சிங்களத்தில்தான் பாதி நாள் கதைக்கிறேன், ஆனால் மேடையில் கதைத்ததில்லை. இந்தக் கதை எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக வரும். பைப் சம்பவத்தைச் சிங்களத்திலும் மற்றதைத் தமிழிலும் சொன்னால் என்ன என்று தம்பி கேட்கிறான். அந்த பாஸ் சிங்களத்தில்தான் ஃபோனில் கதைத்தார்.

மேடைப்பலகை எழுதியது:

தம்பி சொன்னதை முயன்று பாருங்கள். தமிழ்ப் பகுதிக்குத் திரையில் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். பேச்சு முன்கூட்டியே கையில் இருப்பதால் அவர்களுக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் திரையில் எழுத்து ஓடினால் நீங்கள் எழுதியதை விட்டு விலக முடியாது. அது உங்களுக்கு ஒத்துவருமா என்று தம்பியை முன்னால் இருத்தி இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள்.

ஆணிக்கடை எழுதியது:

சரி அண்ணா. வயர் காட்ட வியாழக்கிழமை வருகிறார்களாம். முடியப்போகும் ரோல் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மருந்துக்கடை எழுதியது:

தனிமடல் கிடைத்தது, நன்றி. அவர்களிடம் கேட்டேன். காலாவதித் திகதி இருக்கிறதாம், ஆனால் பெட்டியாக வாங்கி அட்டையாக விற்கிற கணக்கு எப்படி வரும் என்று பதில் வரவில்லை. உங்கள் வயர் ரோல் போலத்தான் இதுவும் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை என்ன நடந்தது என்று கட்டாயம் எழுதுங்கள்.